ஒரே வீட்டில் இரண்டாவது சீட்டுக்கட்டு: பழைய படங்கள் போக மறுக்கின்றன

ஆத்தூர் அருண்

வணக்கம். சீட்டுக்கட்டின் வரிசையை நினைவில் வைக்க நான்கு மாதமாகத் தனியாகப் பயிற்சி செய்கிறேன், போட்டிக்கு இன்னும் போனதில்லை. கலைத்த கட்டை 5 நிமிடத்துக்குள் பார்த்து முடித்து, 52 சீட்டையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும் என்பதுதான் இலக்கு.

என் முறை இது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் ஆள், அவர் செய்யும் ஒரு செயல், அவருக்கு உரிய ஒரு பொருள் என்று வைத்திருக்கிறேன். சீட்டுகளை மூன்று மூன்றாக எடுப்பேன். முதல் சீட்டின் ஆள், இரண்டாவது சீட்டின் செயலை, மூன்றாவது சீட்டின் பொருள்மீது செய்வார். அந்தக் காட்சியை மனத்திலேயே அப்பத்தா வீட்டில் ஒரு நிறுத்தத்தில் வைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்துக்கு நகர்வேன். வாசல் கேட்டில் தொடங்கி 17 நிறுத்தத்தில் 51 சீட்டு முடிந்துவிடும். 18-ஆவது நிறுத்தம் கிணற்றடி, அங்கே கடைசிச் சீட்டின் ஆள் மட்டும் தனியாக நிற்பார்.

காலையில் முதல் கட்டு நன்றாக வருகிறது. பார்க்க 3 நிமிடம் 40 வினாடி ஆகிறது, பெரும்பாலும் பிழையே இருக்காது. ஒரு மணி நேரம் கழித்து வேறு கட்டைக் கலைத்து அதே வீட்டில் வைத்தால் ஆறு, ஏழு சீட்டு தப்பாகிறது. நேற்று ஊஞ்சலுக்குப் போனால் காலையில் உட்கார்ந்த தோனி அப்படியே உட்கார்ந்திருக்கிறார், புதிதாக வைத்தது தெரியவில்லை. படங்களை மாற்றுவதா, வீட்டை மாற்றுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மணி_திருச்சி

படம் மங்கலாக இருப்பதுதான் காரணம் தம்பி. எவ்வளவு விசித்திரமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக ஒட்டும். தோனியை யானை அளவுக்குப் பெரிதாக்கு, பச்சை நிறம் பூசு, தலைகீழாகத் தொங்கவிடு. நான் மளிகைப் பட்டியலை அப்படித்தான் நினைவில் வைக்கிறேன், ஒன்றுகூட விட்டுப்போனதில்லை. சாம்பியன்கள் 20 வினாடியில் ஒரு கட்டை முடிக்கிறார்கள் என்றால் அவர்கள் கண்ணுக்கு ஒவ்வொன்றும் சினிமா மாதிரி தெரிகிறது என்று அர்த்தம்.

வல்வை நேசன்

நல்ல இழை. நாங்கள் வீட்டில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுகிற ஆட்கள். எந்தச் சீட்டு இறங்கிவிட்டது, எது இன்னும் வெளியில் நிற்கிறது என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம். போன ஞாயிறு டைமன் 9 இறங்கிவிட்டது என்று நினைத்து விளையாடி மாட்டிக்கொண்டேன். அருண் சொல்லும் இந்த வீட்டு முறையில் இறங்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனால் சரிவருமா? 32 சீட்டுதானே, 11 இடம் போதும்.

கயல்விழி

அருண் தம்பி, வீட்டை மாற்றுவதா படத்தை மாற்றுவதா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். "ஏழு சீட்டு தப்பு" என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த நிறுத்தத்தில், எந்தச் சீட்டுக்குப் பதில் எது வந்தது என்று பார்க்க வேண்டும். நான் சில போட்டிகளில் கலந்துகொண்டிருக்கிறேன், பதிவேடு வைக்காத மாதங்களில் என் நேரம் நகரவே இல்லை. நேற்றைய இரண்டாவது கட்டின் பிழைகளை மட்டும் இங்கே போடுங்கள். எப்படித் திருப்பிச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

நேசன் அண்ணா, உங்களுடையது வேறு கணக்கு. அருணுக்கு வரிசை வேண்டும். உங்களுக்கு வரிசையே வேண்டாம், "போனதா இல்லையா" என்ற ஒன்று போதும். வீடு எடுத்தால், டைமன் 9 போனதா என்று அறிய ஒவ்வொரு முறையும் 11 இடத்தையும் சுற்றி வர வேண்டியிருக்கும். அதைவிட, 32 சீட்டுக்கும் ஆளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டு இறங்கியதும் அந்த ஆளின் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு டைமன் 9-இன் ஆளை நினைத்தால் நனைந்து நிற்கிறாரா, காய்ந்து நிற்கிறாரா என்று உடனே தெரியும். அடுத்த ஆட்டத்துக்கு தண்ணீர் வேண்டாம், மாவு கொட்டுங்கள். இல்லாவிட்டால் அருணுக்கு வந்த அதே தொல்லை உங்களுக்கும் வரும்.

வல்வை நேசன்

ஓ, நான் இழையைப் பிழையாக விளங்கிக்கொண்டேன். இருந்தாலும் தண்ணீர் யோசனை நல்லா இருக்கு. இரவு முயற்சி செய்து பார்க்கிறேன், நன்றி தங்கச்சி.

ஆத்தூர் அருண்

அக்கா, கேட்டபடி போடுகிறேன். முடிந்ததும் ஒரு நோட்டில் 1 முதல் 52 வரை எழுதுவேன், அப்புறம் கட்டைத் திருப்பிச் சரிபார்ப்பேன்.

பிழை இல்லாத இடத்துக்கு ஒரு மாதிரி: 1-ஆம் நிறுத்தம், வாசல் கேட். கிளாவர் 7, டைமன் 2, இஸ்பேட் ஏஸ். தபால்காரர் (கிளாவர் 7), கிரிக்கெட் மட்டையை (இஸ்பேட் ஏஸ் தோனி, பொருள் மட்டை) பரோட்டா மாவு போல வீசிப் புரட்டுகிறார் (டைமன் 2 பரோட்டா மாஸ்டர்). இது சரியாக வந்தது.

4-ஆம் நிறுத்தம், ஊஞ்சல். வந்திருக்க வேண்டியது ஆட்டின் 4, இஸ்பேட் 9, டைமன் ராணி. அதாவது அப்பத்தா, தீயணைப்புக்காரர் மாதிரி, எம்.எஸ். அம்மாவின் தம்பூரா மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். நான் எழுதியது இஸ்பேட் ஏஸ், கிளாவர் ஜாக்கி, கிளாவர் 7. தோனி தபால்பையைப் பார்த்து விசில் ஊதுகிறார். இது காலைக் கட்டின் காட்சி.

9-ஆம் நிறுத்தம், அடுப்படி. சரியான வரிசை கிளாவர் ஜாக்கி, ஆட்டின் 8, ஆட்டின் ராஜா. பஸ் கண்டக்டர், எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியை, கத்தரியால் வெட்டுகிறார். நான் ராஜாவை முதலிலும் ஜாக்கியைக் கடைசியிலும் எழுதிவிட்டேன்.

13-ஆம் நிறுத்தம், பின்கூடத்து இரண்டாவது ஜன்னல். ஒன்றுமே இல்லை, வெறும் ஜன்னல்தான் தெரிந்தது. 37, 38, 39 மூன்றையும் காலியாக விட்டேன். அவை டைமன் 10, கிளாவர் 3, இஸ்பேட் 6.

கயல்விழி

நன்றி தம்பி. மொத்தம் எட்டு சீட்டு தப்பு, ஆனால் நடந்தது மூன்று தவறுதான், மூன்றும் வேறு வேறு ஜாதி. ஒரே மருந்தால் தீராது.

முதலில் ஊஞ்சல். நீங்கள் எழுதிய மூன்று சீட்டையும் கவனியுங்கள். இஸ்பேட் ஏஸும் கிளாவர் 7-உம் வாசல் கேட்டிலேயே வந்துவிட்டன. கிளாவர் ஜாக்கி அடுப்படியில் வருகிறது. ஒரு கட்டில் ஒரு சீட்டு ஒரு முறைதான் உண்டு, ஆக ஊஞ்சலில் இருப்பது பழைய காட்சி என்று அந்த இடத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். நோட்டில் எழுதியதால் தெரியாமல் போய்விட்டது. போட்டியில் யாரும் எழுதுவதில்லை. இரண்டாவது கட்டு ஒன்றைக் கொடுப்பார்கள், அதிலிருந்து சீட்டுகளை உருவி நீங்கள் பார்த்த வரிசையில் அடுக்க 5 நிமிடம் உண்டு. அப்படி அடுக்கியிருந்தால் ஊஞ்சலுக்கு வரும்போது தோனியை எடுக்கக் கை போகும், அந்தச் சீட்டு ஏற்கெனவே அடுக்கில் போயிருக்கும். அங்கேயே நின்று, இடத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்துக்கு நகர்ந்திருப்பீர்கள்.

கடைசியில் உங்கள் கையில் ஆறு சீட்டு மிஞ்சியிருக்கும்: ஊஞ்சலின் மூன்று, ஜன்னலின் மூன்று. இப்போது கேள்வி மாறிவிடுகிறது. "ஊஞ்சலில் யார்?" என்று வெறுமனே கேட்டால் தோனிதான் வருவார். கையில் ஆட்டின் 4-ஐ வைத்துக்கொண்டு "அப்பத்தா எங்கே இருந்தார்?" என்று கேட்டால் பெரும்பாலும் தம்பூராவும் தண்ணீரும் தானாக வந்துவிடும். நான் மீட்டெடுத்த சீட்டுகளில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான். நாளை முதல் இரண்டு கட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இது எதற்கு முக்கியம் என்றால், மதிப்பெண் முதல் பிழை வரைதான். 10-ஆவது சீட்டு தப்பு என்றால் மீதி 42 சரியாக இருந்தாலும் உங்கள் கணக்கு 9 சீட்டு, பார்த்த நேரமும் முழு 5 நிமிடமாகவே எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு முயற்சி உண்டு, நல்லது எதுவோ அது நிற்கும்.

அடுத்து அடுப்படி. இங்கே பழைய காட்சி எதுவும் இல்லை, காட்சியைக் கட்டியதில்தான் கோளாறு. ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். அந்தத் தொப்பி எங்கே இருந்தது?

ஜன்னலுக்கு அப்புறம் வருகிறேன்.

ஆத்தூர் அருண்

அக்கா, தொப்பி எம்.ஜி.ஆர். தலையில்தான் இருந்தது. தலையோடு சேர்த்து முடி வெட்டுகிற மாதிரி பார்த்தேன்.

கயல்விழி

அதுதான். தொப்பி தலையில் ஏறியதும் அடுப்படியில் இரண்டு ஆட்கள் ஆகிவிட்டார்கள். திரும்ப வரும்போது யார் வெட்டினார், யாருக்கு வெட்டினார் என்று காட்சி சொல்லாது. பொருளுக்குச் சொந்தக்காரர் உள்ளே வரவே கூடாது. தொப்பி அடுப்பு மேடையில் கிடக்கட்டும், கண்டக்டர் அதைத் துண்டு துண்டாக வெட்டட்டும், பஞ்சு அடுப்பில் விழட்டும்.

மணி அண்ணா சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன், சப்பென்ற காட்சி நிற்காது. ஆனால் தோனியைப் பச்சையாக்கி யானை அளவில் வைத்தால், நாளைக்கு ஊஞ்சலில் பச்சை யானைத் தோனி இன்னும் உறுதியாக உட்கார்ந்திருப்பார். மளிகைப் பட்டியல் வாரத்துக்கு ஒன்று, அங்கே இந்தச் சிக்கல் வராது. இங்கே காட்சியின் அளவைவிட, அது அந்த இடத்தைத் தொடுகிறதா என்பதுதான் வேலை செய்கிறது. அப்பத்தா தண்ணீர் பீய்ச்சியதில் ஊஞ்சல் பலகை நனைந்து சங்கிலி ஆடியதா? ஊஞ்சலுக்கு முன்னால் காற்றில் மிதக்கும் காட்சியை வேறு எந்த இடத்திலும் வைக்கலாம், அதனால்தான் அது நழுவுகிறது.

மணி_திருச்சி

ஒரே கட்டுக்குப் பெரிது, தினமும் இரண்டு கட்டுக்கு வேறு, அதுதானே? சரி, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஆனால் 20 வினாடியில் பலகை நனைந்ததா, சங்கிலி ஆடியதா என்றெல்லாம் எப்படிப் பார்ப்பது?

கயல்விழி

அவ்வளவு வேகத்தில் பார்ப்பதில்லை, ஒரு நொடிப் பொறிதான். இங்கிலாந்தின் பென் பிரிட்மோர் 2007-இல் 26.28 வினாடியில் ஒரு கட்டை முடித்தார். அவருடைய முறையில் அடுத்தடுத்த இரண்டு சீட்டுக்குச் சேர்த்து ஒரே படம், ஒரு நிறுத்தத்தில் மூன்று படம், ஆக ஒரு கட்டுக்கு 9 நிறுத்தம்தான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இரண்டு சீட்டு ஜோடி வரிசையோடு எண்ணினால் 52 பெருக்கல் 51, அதாவது 2,652 படம். அவ்வளவையும் தயங்காமல் சொல்ல வருடக்கணக்கில் ஆகும். 2017-இல் சீனாவின் ஸோவ் லூஜியன் 13.96 வினாடிக்குக் கொண்டுவந்தார். அருண் இருக்கும் இடத்தில் இவை எதுவும் தேவையில்லை. 3 நிமிடம் 40 வினாடியை 18 நிறுத்தத்துக்கு வகுத்தால் ஒன்றுக்கு 12 வினாடி. பலகை நனைய அது தாராளம்.

நூலகர் சுந்தரம்

ஜன்னலைப் பற்றி நான் ஒன்று சொல்லலாமா? நான் சீட்டுப் பழகியவன் இல்லை, பழைய நூல்கள் படிக்கிறவன். கி.மு. முதல் நூற்றாண்டில் லத்தீனில் எழுதப்பட்ட 'ரெட்டோரிகா அட் ஹெரேனியும்' என்ற நூலில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அதில் இடங்களைத் தேர்வதைப் பற்றியே நிறையச் சொல்கிறார். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாது. வரிசையாக நிற்கும் தூண்களுக்கு இடைப்பட்ட வெளிகளை எடுத்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்து குழம்பும் என்கிறார். அருண் தம்பியின் "இரண்டாவது ஜன்னல்" என்ற சொல்லைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது என்றால் பக்கத்தில் முதலாவதும் இருக்கிறது, இல்லையா?

மிகுந்த வெளிச்சமும் ஆகாது, இருட்டும் ஆகாது, இடத்துக்கு இடம் சுமார் 30 அடி இருக்கட்டும் என்றும் சொல்கிறார். ஐந்தாவது இடத்தில் ஒரு தங்கக் கையை வை, பத்தாவது இடத்தில் டெசிமஸ் என்ற பெயருள்ள தெரிந்தவர் ஒருவரை நிறுத்து, எண்ணிக்கை தப்பாது என்கிறார். டெசிமஸ் என்றால் லத்தீனில் பத்தாவது.

ஆத்தூர் அருண்

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். 12-ஆம் நிறுத்தம் முதல் ஜன்னல், 13 இரண்டாவது ஜன்னல். இரண்டும் ஒரே தச்சர் செய்தது, நடுவில் நாலடிச் சுவர். பாம்பாட்டி பூக்கூடைக்கு வெள்ளையடிக்கும் காட்சியை நான் பார்த்ததே முதல் ஜன்னலில்தான், இப்போது தெரிகிறது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். கடந்த ஒன்பது கட்டுகளில் நான்கில் 12 அல்லது 13-இல் ஏதோ ஒன்று போயிருக்கிறது. காலைக் கட்டிலும்கூட ஒரு முறை.

கயல்விழி

சுந்தரம் ஐயா என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். அருண், அந்த ஒன்பது கட்டு உங்களுக்குச் சொல்வது இதுதான்: எந்தக் கட்டாக இருந்தாலும் ஒரே இடத்தில் பிழை வந்தால் இடம் சரியில்லை. எங்கே வைத்தாலும் ஒரே சீட்டில் பிழை வந்தால் அந்தச் சீட்டின் படம் சரியில்லை. முதல் கட்டில் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் வந்தால் பழைய படம். இரண்டாவது ஜன்னலை எடுத்துவிட்டு, பக்கத்தில் ஏதாவது இருந்தால் வையுங்கள். தண்ணீர்த் தொட்டி, மாவு மெஷின், எதுவானாலும் சரி. மாற்றிய பிறகு சீட்டே இல்லாமல் இரண்டு மூன்று நாள் அந்த வழியில் மனத்தில் நடந்து பாருங்கள். இல்லாவிட்டால் கால் பழக்கத்தில் ஜன்னலுக்கே போகும்.

30 அடி விஷயத்தில் மட்டும் ஐயாவின் நூலோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. என் வீடுகளில் சில நிறுத்தங்கள் மூன்றடி தூரத்தில்தான் இருக்கின்றன. ஃபிரிட்ஜும் அடுப்பும் அருகருகே இருந்தாலும் எனக்குக் குழம்பியதில்லை. தூரத்தைவிட வித்தியாசம்தான் முக்கியம்.

இனி பழைய படங்களுக்கு. நான் செய்வது, ஒரு வீட்டை ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்கு மேல் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்திய வீட்டை மறுநாளும் தொடமாட்டேன். தினமும் இரண்டு கட்டு என்றால் நான்கு வீடு போதும், 72 நிறுத்தம். பள்ளிக்கூடம், மாமா வீடு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை வழி, இப்படிச் சேர்த்துக்கொள்ளலாம். போட்டியின் இரண்டு முயற்சிக்கும் இரண்டு காலி வீட்டை ஒரு வாரமாகவே ஒதுக்கி வைப்பேன். சரிபார்க்காமல் வேகத்துக்கு மட்டும் கட்டைப் புரட்டும் பயிற்சிக்கு எந்த வீடானாலும் பரவாயில்லை.

நூலகர் சுந்தரம்

அதே நூலில் இதற்கும் ஓர் உவமை இருக்கிறது. இடங்கள் மெழுகுப் பலகை மாதிரி, படங்கள் அதில் எழுதிய எழுத்து மாதிரி. பயன்படுத்தாமல் விட்டால் எழுத்து அழியும், மெழுகு நிற்கும். நீங்கள் வீட்டுக்கு ஓய்வு கொடுப்பது இதனோடு பொருந்துகிறது.

பிரியா_ச

நான் வேறு மாதிரி செய்கிறேன். கட்டை முடித்ததும் வீட்டுக்குள் திரும்ப நடந்து ஒவ்வொரு இடத்தையும் கழுவிவிடுவேன். குழாயைத் திறந்து ஊஞ்சலைக் கழுவி, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, காலி வீட்டைப் பூட்டுவேன். எனக்கு இரண்டு மணி நேரத்தில் அதே வீடு மறுபடி கிடைத்துவிடுகிறது. 18 நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கயல்விழி

பிரியா, நானும் ஒரு மாதம் முயன்றேன். எனக்கு எதிர்மாறாக நடந்தது. கழுவுவதற்காகத் தோனியை இன்னொரு முறை பார்த்தேன், அது அவரை மறுபடி படித்த மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்குப் பலிக்கிறது என்றால் விட வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம், அந்த இரண்டு மணி நேரம் சும்மா இருந்தாலே அதே பலன் கிடைத்திருக்குமோ? ஒரு வாரம் கழுவி, ஒரு வாரம் கழுவாமல் எண்ணிப் பார்க்கலாம்.

பிரியா_ச

எண்ணிப் பார்க்கிறேன் அக்கா, ஆனால் கழுவாமல் விட்ட அன்று கேட் திறக்கும்போதே எனக்கு நெருக்கடியாக இருக்கும். அது எண்ணிக்கையில் வராது.

வல்வை நேசன்

இடையில் ஒரு செய்தி. நேற்று இரவு ஐந்து ஆட்டம். இரண்டாவது ஆட்டம் வரை யார் நனைந்தது என்று தெளிவாகத் தெரிந்தது. பிறகு தண்ணீர், மாவு இரண்டும் முடிந்துவிட்டதால் மறுபடி தண்ணீர் ஊற்றினேன், குழம்பிவிட்டது. சேறு, மஞ்சள் தூள் எல்லாம் சேர்த்துக்கொள்ளப் போகிறேன்.

ஆத்தூர் அருண்

பதினொரு நாள் கழித்து வருகிறேன். இரண்டாவது ஜன்னலை எடுத்துவிட்டு மாவு மெஷினை வைத்தேன். முதல் மூன்று நாள் கால் ஜன்னலுக்கே போனது, அக்கா சொன்ன மாதிரியே. பள்ளிக்கூடத்தை இரண்டாவது வீடாகச் சேர்த்திருக்கிறேன், அங்கே 5-ஆம் நிறுத்தத்தில் தலைமையாசிரியரின் மணியைத் தங்க நிறத்தில் தொங்கவிட்டிருக்கிறேன், ஐயாவுக்காக.

இப்போது நோட்டில் எழுதாமல் இரண்டாவது கட்டைத்தான் அடுக்குகிறேன். 14 கட்டில் 10 முழுதாகச் சரி. மூன்றில் கடைசியில் மூன்று சீட்டு கையில் மிஞ்சி, ஆளைப் பார்த்ததும் இடம் வந்துவிட்டது, அவற்றையும் அந்த 10-இல் சேர்த்துத்தான் சொல்கிறேன். நேரம் 3 நிமிடம் 15 வினாடி.

ஆனால் புதிதாக ஒன்று. மீதி நான்கு கட்டில் மூன்றில் டைமன் 5-உம் ஆட்டின் 5-உம் இடம் மாறியிருக்கின்றன. வேறு வேறு இடத்தில், வேறு வேறு வீட்டில். ஒருவர் பள்ளிக் கணக்கு வாத்தியார், கரும்பலகையில் எழுதுகிறார். இன்னொருவர் வங்கி மேனேஜர், கையெழுத்துப் போடுகிறார். அக்கா சொன்ன கணக்குப்படி இது படத்தின் கோளாறு, இருவரும் எழுதுகிறார்கள். மேனேஜரை மாற்றலாம் என்று நினைக்கிறேன், ஆனால் நான்கு மாதமாகப் பழகிய ஆள். ஆளை வைத்துக்கொண்டு செயலை மட்டும் மாற்றினால் பழைய செயல் போக எத்தனை நாள் ஆகும்?

கயல்விழி

ஆளையே மாற்றுங்கள் தம்பி. செயலை மட்டும் மாற்றிய இரண்டு சீட்டில் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பழைய செயல்தான் முதலில் வந்தது. புது ஆளுக்கு ஒரு வாரம் ஆனது.

பிரியா_ச

எனக்குச் செயலை மட்டும் மாற்றி மூன்று நாளில் சரியானது. மேனேஜர் கையெழுத்துப் போடுவதை விட்டுவிட்டு பணக்கட்டைக் கிழிக்கட்டும், அருண். அதை முதலில் முயன்று பாருங்கள்.